செல்வ வரியா, வருமான வரியா? ஆண்டுதோறும் சொத்துக்கு விலை போடுவதன் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநகராட்சிக்கு ஏற்கெனவே சொத்து வரி கட்டுகிறேன். செல்வ வரி என்பதும் அதுதானே?

இல்லை. மாநகராட்சி வாங்குவது கட்டடத்தின் மீதான வரி. ஒரு கட்டடம், ஒரு விலாசம், ஒரு ரசீது. வீட்டின் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது, உரிமையாளரிடம் வேறென்ன இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. செல்வ வரி ஆளைப் பார்க்கும். ஒருவருக்கு இருக்கும் நிலம், நகை, பங்கு, ரொக்கம் எல்லாவற்றையும் கூட்டி, அவற்றுக்காக வாங்கிய கடனைக் கழித்து, மிஞ்சும் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி போடும்.

இந்தியாவில் இந்த வரி 1957-இல் வந்தது. 2015 பட்ஜெட்டில் கைவிடப்பட்டது. கடைசியாக 2015-16 மதிப்பீட்டு ஆண்டுக்குத்தான் வசூலிக்கப்பட்டது. அப்போதைய விகிதம், 30 லட்சத்துக்கு மேற்பட்ட நிகர செல்வத்துக்கு 1 சதவீதம்.

1 சதவீதம்தானே? 30 சதவீத வருமான வரிக்கு முன்னால் அது ஒரு தொகையா?

இரண்டு சதவீதங்களும் வெவ்வேறு தொகைகளின் மேல் போடப்படுகின்றன என்பதை மறந்தால் இப்படித்தான் தோன்றும். வருமான வரி கனிக்கு. செல்வ வரி மரத்துக்கு. மரம் எவ்வளவு காய்க்கிறது என்பதைப் பொறுத்தே சுமை தெரியும்.

1 கோடி ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டு வருமானம் 7 லட்சம். கணக்கு எளிதாக இருக்க 30 லட்ச வரம்பை விட்டுவிட்டு, செல்வ வரி 1 லட்சம் என்றால் அது வருமானத்தில் ஏறக்குறைய 14 சதவீதம். அதே 1 கோடி ஒரு அடுக்குமாடி வீடாக இருந்து, ஆண்டுக்கு 2.5 லட்சம் வாடகை வந்தால், அதே 1 லட்சம் வருமானத்தில் 40 சதவீதம். வருமான வரி அதற்கு மேல் தனி. வெறும் மனையாகக் கிடந்தால் வருமானமே இல்லை. வரியை வேறெங்கிருந்தாவது கொண்டுவந்துதான் கட்ட வேண்டும்.

இதையே செல்வ வரியின் பலம் என்று சொல்பவர்களும் உண்டு. மனையைச் சும்மா போட்டு வைத்திருப்பவனை அது விற்கவோ கட்டவோ தள்ளுகிறது. வருமான வரி அவனைத் தொடுவதே இல்லை. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது நிற்க ஒரு நிபந்தனை வேண்டும்: அந்த மனை 1 கோடிதான் பெறும் என்று யாராவது உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும்.

வருமானத்தைக் கணக்கிட முடிகிறது, சொத்து மதிப்பைக் கணக்கிட முடியாதா?

வருமானத்துக்கு எப்போதும் எதிரில் இன்னொருவர் இருக்கிறார். சம்பளம் கொடுத்த நிறுவனம், வட்டி கொடுத்த வங்கி, வாடகை கொடுத்தவர். கொடுத்தவருக்கு அது செலவு. வாங்கியவருக்கு அது வரவு. கொடுத்தவர் செலவை முழுதாகக் காட்டவே விரும்புவார்; வாங்கியவர் வரவைக் குறைத்துக் காட்ட விரும்புவார். இந்த இழுபறியில் உண்மைத் தொகை வெளியே வந்துவிடும். டி.டி.எஸ். பிடித்தம் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

சொத்தை வைத்துக்கொண்டிருப்பவருக்கு எதிரில் யாரும் இல்லை. மார்ச் 31 அன்று வீடு விற்கப்படவில்லை; பணம் கைமாறவில்லை. ‘திறந்த சந்தையில் விற்றால் என்ன விலை போகும்’ என்ற கற்பனைக் கேள்விக்குத்தான் வரி கட்ட வேண்டும். உரிமையாளரின் மதிப்பீட்டாளர் ஒரு விலை சொல்வார், துறையின் மதிப்பீட்டு அதிகாரி வேறொன்று சொல்வார், இருவரும் மனசாட்சிப்படியே சொல்லலாம். வீட்டுக் கடனுக்காக ஒரே வீட்டை இரண்டு பேர் மதிப்பிட்டால் பத்துப் பதினைந்து சதவீத வித்தியாசம் வருவதில் யாருக்கும் வியப்பில்லை.

வருமான வரியிலும் மதிப்பீட்டுத் தகராறு உண்டு. வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக வீட்டை விற்றால் மூலதன ஆதாயக் கணக்கில் சிக்கல் வரும். ஆனால் அது விற்கும்போது ஒருமுறை வந்து போகும். செல்வ வரியில் அதே தகராறு ஆண்டுதோறும் வரும். முந்தைய ஆண்டின் மேல்முறையீடு முடிவதற்குள் அடுத்த மூன்று ஆண்டுகளின் கணக்கு சேர்ந்துவிடும்.

அப்படியானால் 58 ஆண்டுகள் வீடுகளுக்கு எப்படித்தான் விலை போட்டார்கள்?

தொடக்கத்தில் சந்தை மதிப்பு என்றார்கள். வழக்குகள் பெருகின. பிறகு, 1989-இல் சட்டத்தோடு மூன்றாவது அட்டவணை என்று ஒரு சூத்திரத் தொகுப்பைச் சேர்த்தார்கள். வீட்டுக்கான சூத்திரம் இப்படிப் போகும்.

முதலில் மொத்த வாடகை மதிப்பு. வாடகைக்கு விட்டிருந்தால், உண்மையான வாடகை, உள்ளாட்சி நிர்ணயித்த ஆண்டு மதிப்பு இரண்டில் எது அதிகமோ அது. வாடகைக்கு விடாவிட்டால் உள்ளாட்சியின் ஆண்டு மதிப்பு. அதிலிருந்து உள்ளாட்சி வரியையும், மொத்தத்தில் 15 சதவீதத்தையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதை 12.5-ஆல் பெருக்கினால் சொந்த நிலத்தில் நிற்கும் வீட்டின் மதிப்பு. குத்தகை நிலமாக இருந்து, 50 ஆண்டோ அதற்கு மேலோ மீதமிருந்தால் 10; அதற்கும் குறைவென்றால் 8.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது: 1974 மார்ச் 31-க்குப் பிறகு வாங்கிய அல்லது கட்டிய வீடாக இருந்து, சூத்திரத் தொகையைவிட அடக்கவிலை அதிகமாக இருந்தால், அடக்கவிலையே மதிப்பு.

சென்னையில் ஒரே தெருவில், ஒரே அளவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. இரண்டும் உரிமையாளர்களின் இரண்டாவது வீடு, வாடகைக்கு விடவில்லை. (ஒரு வீட்டுக்கு விலக்கு இருந்தது, ஆண்டில் 300 நாளாவது வாடகைக்கு விட்ட குடியிருப்புக்கும் பின்னாளில் விலக்கு வந்தது.) மாநகராட்சி ஆண்டு மதிப்பு 1,20,000 ரூபாய், மாநகராட்சி வரி 24,000.

முதல் வீடு 1972-இல் கட்டியது. 1,20,000-இலிருந்து 24,000 வரியையும், 15 சதவீதமான 18,000-ஐயும் கழித்தால் 78,000. அதை 12.5-ஆல் பெருக்கினால் 9,75,000. வேறு சொத்து இல்லையென்றால் 30 லட்ச வரம்புக்குள் அடங்கிவிடும். வரி பூஜ்யம்.

பக்கத்து வீட்டுக்காரர் 2010-இல் 1.8 கோடிக்கு வாங்கினார். சூத்திரம் அவருக்கும் 9,75,000-தான் சொல்கிறது. ஆனால் அடக்கவிலை அதைவிட அதிகம். ஆகவே மதிப்பு 1.8 கோடி. 30 லட்சம் போக 1.5 கோடிக்கு 1 சதவீதம்: ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். கடன் வாங்கி வாங்கியிருந்தால் நிலுவைக் கடன் கழியும். அவ்வளவுதான் ஆறுதல்.

இருவரும் சட்டத்தை மீறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. மதிப்பீட்டுத் தகராறு ஒழிந்தது, ஆனால் வரிக்கும் செல்வத்துக்கும் இருந்த தொடர்பும் சேர்ந்து ஒழிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஆண்டு மதிப்பு எங்கிருந்து வந்தது? சென்னை மாநகராட்சி 1998-இல் செய்த பொதுச் சீராய்வுக்குப் பின் அடுத்தது நிலைத்தது 2022-இல்தான். டெல்லியின் செல்வ வரி, ரிப்பன் மாளிகையின் பழைய பதிவேட்டை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

பத்திரப்பதிவுக்கு வழிகாட்டி மதிப்பு இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் தீராதா?

பதிவேடு தயாராக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது முத்திரைத் தீர்வைக்காக மாநில அரசு வகுத்தது. தெருவுக்கு ஒரு விலை; மூலை மனையா, சந்து மனையா, வழக்கில் கிடப்பதா, வாடகைதாரர் காலி செய்ய மறுப்பதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய சங்கடம், அந்த மதிப்பு அரசாணையால் நகரும். தமிழ்நாட்டில் 2012-இல் வழிகாட்டி மதிப்புகள் பெரிதாக உயர்த்தப்பட்டன. 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் ஒரே அடியாக 33 சதவீதம் குறைக்கப்பட்டன, கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏறியது. மாநிலத்துக்கு அது வரவு செலவுக் கணக்கு. அந்த மதிப்பின்மேல் மத்திய அரசின் செல்வ வரி நின்றிருந்தால், ஒரு செங்கல்கூட அசையாமல் மாநிலத்தின் நிலச் செல்வத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் காணாமல் போயிருக்கும்.

நகைக்கு அன்றாட விலை பத்திரிகையிலேயே வருகிறது. அதில் என்ன கஷ்டம்?

வெறும் தங்கமாக இருந்தால் கஷ்டமில்லை. 100 பவுன் என்றால் 800 கிராம். 22 காரட் கிராமுக்கு 2,600 ரூபாய் என்றால் 20,80,000. எடை போட்டு முடித்துவிடலாம்.

கடையில் கொடுத்த விலை வேறு, வரிக்கான மதிப்பு வேறு என்பது முதல் குழப்பம். கேள்வி ‘விற்றால் என்ன கிடைக்கும்’ என்பது. செய்கூலியும் சேதாரமும் திரும்பக் கிடைக்காது. ரசீதை அப்படியே காட்டியவர்கள் கூடுதல் வரி கட்டினார்கள். இரண்டாவது, கல். வைரத் தோட்டிலும் கெம்பு அட்டிகையிலும் மொத்த எடையிலிருந்து கல்லையும் அரக்கையும் கழித்து நிகரத் தங்கம் காண வேண்டும். பிறகு கல்லுக்குத் தனி விலை. பழைய வைரங்களுக்குத் தரச் சான்று இருக்காது. அங்கேதான் இரு மதிப்பீட்டாளர்களும் பிரிவார்கள்.

நகை மதிப்பு 5 லட்சத்தைத் தாண்டினால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும் என்பது விதி. மதிப்பீட்டு அதிகாரி ஒருமுறை விலை நிர்ணயித்துவிட்டால், அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு அதையே வைத்துக்கொண்டு தங்கம், வெள்ளி விலை ஏற்ற இறக்கத்தையும் வாங்கியது விற்றதையும் மட்டும் சரிசெய்யலாம் என்று ஒரு சலுகை இருந்தது. மூன்றாவது அட்டவணையிலேயே நடைமுறைக்கு உகந்த விதி இதுதான் என்பது எங்கள் கருத்து.

மதிப்பீட்டைவிடப் பெரிய ஓட்டை, நகை இருப்பதே யாருக்கும் தெரியாது என்பது. நிலத்துக்குப் பட்டா உண்டு. அட்டிகைக்கு என்ன உண்டு?

பங்குச் சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனத்தின் பங்குக்கு எப்படி விலை போடுவார்கள்?

செல்வ வரியின் மிகக் கடினமான இடம் இது. செல்வத்தின் பெரும் பங்கு இருப்பதும் இங்கேதான்.

கரூரில் ஒரு நெசவு நிறுவனம் என்று கொள்ளுங்கள். எண்கள் மீண்டும் விளக்கத்துக்கே. 1985-இல் 4 லட்சத்துக்கு வாங்கிய நிலம் இன்று 10 கோடி பெறும். தறிகள், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து, கடன் போக, 3 கோடி. ஆண்டு லாபம் சராசரி 80 லட்சம்.

இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் நிலம் 4 லட்சம்தான். நிறுவனத்தின் மதிப்பு 3.04 கோடி. சொத்துகளைச் சந்தை விலைக்கு மாற்றினால் 13 கோடி. லாபத்தை வைத்துப் பார்த்தால், முதலீட்டாளர் 12.5 சதவீத வருவாய் எதிர்பார்த்தால் 6.4 கோடி, இந்தத் தொழிலின் ஆபத்துக்கு 20 சதவீதம் வேண்டும் என்றால் 4 கோடி. ஒரே நிறுவனம், ஒரே மார்ச் 31, நான்கு விலைகள். இதில் 10 சதவீதப் பங்கு மட்டும் வைத்திருக்கும் தங்கைக்கு எதுவும் பொருந்தாது. அவரால் லாபப் பங்கு கேட்க முடியாது, நிலத்தை விற்கச் சொல்ல முடியாது; வெளியே வாங்கவும் ஆள் வரமாட்டார்.

உச்ச நீதிமன்றமே இரு திசைகளில் நடந்தது. 1972-இல் மகாதேவ் ஜாலான் வழக்கில், ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் பங்கை அது ஈட்டும் வருவாயை வைத்துத்தான் பொதுவாக மதிப்பிட வேண்டும், சொத்தைக் கூட்டிப் பார்ப்பது மூடப்போகும் நிறுவனங்களுக்கு என்ற வகையில் சொன்னது. 1994-இல் பரத் ஹரி சிங்கானியா வழக்கில், இருப்புநிலைக் குறிப்பை அடிப்படையாகக் கொண்ட விதி 1டி கட்டாயம், அதைத்தான் பின்பற்ற வேண்டும் என்றது. முதலாவது பொருளாதாரப்படி சரி. இரண்டாவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் 10 கோடி நிலத்தை அது 4 லட்சமாகவே பார்க்கும்.

இன்றும் செல்வ வரி வாங்கும் சுவிட்சர்லாந்தில் நடுவழி ஒன்று வழக்கத்தில் இருக்கிறது. வருவாய் மதிப்பை இரண்டு மடங்காகவும் சொத்து மதிப்பை ஒரு மடங்காகவும் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். வருவாய் மதிப்பை 6.4 கோடி, சொத்து மதிப்பை 13 கோடி என்று நமது நிறுவனத்துக்குப் போட்டுப் பார்த்தால், 12.8-உம் 13-உம் சேர்ந்து 25.8, மூன்றால் வகுத்தால் 8.6 கோடி. இது சரியான விலை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதே இதன் தகுதி.

1957-இல் இந்தச் சிக்கல் தெரியாமலா கொண்டுவந்தார்கள்?

தெரியும். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956-இல் கொடுத்த அறிக்கைதான் தொடக்கம், டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்து நிறைவேற்றினார். வருமான வரி, மூலதன ஆதாய வரி, செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி ஐந்தும் ஒரே கணக்குப் படிவத்தில் வந்தால், ஒன்றில் மறைத்தது இன்னொன்றில் காட்டிக்கொடுக்கும் என்பது கால்டரின் எண்ணம். அதற்கு ஈடாக வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்குள் வைக்கச் சொன்னார். அரசு புதிய வரிகளை எடுத்துக்கொண்டது, வரம்பை விட்டுவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் கூடுதல் தீர்வையோடு வருமான வரியின் உச்சம் 97.75 சதவீதம் வரை போனது. அந்த நிலையில் யாரும் எதையும் எந்தப் படிவத்திலும் உண்மையாகக் காட்ட மாட்டார்கள்.

பிறகு ஏன் எடுத்துவிட்டார்கள்? பணக்காரர்களின் நெருக்கடியா?

1993-லேயே பாதி உயிர் போய்விட்டது. ராஜா செல்லையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பங்கு, வங்கி வைப்பு, கடன் பத்திரம் எல்லாவற்றையும் விலக்கி, ‘உற்பத்திக்கு உதவாத’ சொத்துகளுக்கு மட்டும் வரி என்று சுருக்கினார்கள்: வீடு, நகர்ப்புற நிலம், நகை, கார், படகு, விமானம், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட கைரொக்கம். நோக்கம், பணத்தைத் தங்கத்திலிருந்து தொழிலுக்குத் திருப்புவது. விளைவு, 100 கோடிக்குப் பங்கு வைத்திருந்தவருக்கு வரி இல்லை. 40 லட்சத்துக்கு நகை வைத்திருந்தவருக்கு 10,000 ரூபாய். விலை போட மிக எளிதான பட்டியலிட்ட பங்கு வெளியே போனது. கடினமானவை உள்ளே நின்றன. கைவிடுவதற்கு இதைவிடக் கச்சிதமாக ஒரு வரியைத் தயார்ப்படுத்த முடியாது.

2013-14-இல் நாடு முழுவதும் வசூல் 1,008 கோடி. 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி இந்த எண்ணைச் சொல்லி, வசூலிக்கும் செலவு அதிகம், வரவு குறைவு என்று வரியை எடுத்துவிட்டு, 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் மீது 2 சதவீதக் கூடுதல் தீர்வை போட்டார். அதில் எதிர்பார்த்தது ஏறக்குறைய 9,000 கோடி. பணக்காரர்களிடம் வாங்குவதை நிறுத்தவில்லை. சொத்தைப் பார்த்து வாங்கியதை வருமானத்தைப் பார்த்து வாங்குவதாக மாற்றினார்கள். இதில் தப்பியவர் யார் என்றால், பெரும் சொத்தும் சிறு வருமானமும் உள்ளவர்.

வெளிநாடுகளில் நடத்துகிறார்களே?

நடத்துபவர்களும் உண்டு, நிறுத்தியவர்களும் உண்டு. நம் இரட்டை வீட்டுக் கதைக்கு மிக நெருக்கமானது ஜெர்மனி. அங்கே நிலத்துக்கு 1964-இல் நிர்ணயித்த அலகு மதிப்பும், பங்குகளுக்கு நடப்பு விலையும் எடுத்தார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் 1995-இல் இது சமத்துவத்துக்கு முரண் என்றது. எல்லா நிலத்தையும் புதிதாக மதிப்பிட வேண்டிய வேலைக்கு அஞ்சி, அரசு 1997 முதல் வரியையே வசூலிக்காமல் விட்டது. சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது.

நார்வே வரியை வைத்துக்கொண்டு தள்ளுபடி கொடுக்கிறது: குடியிருக்கும் வீட்டின் சந்தை மதிப்பில் பொதுவாக 25 சதவீதத்தையே கணக்கில் எடுக்கும், பங்குகளுக்கு இதைவிட மிக அதிகமான பங்கு. மதிப்பீட்டில் வரும் பிழை தள்ளுபடிக்குள் மறைந்துவிடும், சண்டை குறையும். ஆனால் வீட்டில் பணம் போடுவதே லாபம் என்ற பழக்கம் வளரும். பிரான்ஸ் 2018-இல் பொதுச் செல்வ வரியை எடுத்துவிட்டு, நில, கட்டடச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது.

இப்போது செல்வ வரி இல்லையே, சொத்து மதிப்பை ஏன் இன்னும் வருமான வரிக் கணக்கில் கேட்கிறார்கள்?

நீங்கள் சொல்வது ‘ஏ.எல்.’ அட்டவணை, சொத்துகளும் கடன்களும் எழுதுவது. மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு என்று தொடங்கி, 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 1 கோடி என்று உயர்ந்திருக்கிறது. இதற்கு வரி கிடையாது.

இங்கே பலர் செய்யும் தவறு, இன்றைய சந்தை விலையை எழுதுவது. கேட்பது அடக்கவிலை. 2010-இல் 1.8 கோடிக்கு வாங்கிய வீடு இன்று 4 கோடி பெற்றாலும் 1.8 கோடியும் பிறகு செய்த மேம்பாட்டுச் செலவும்தான். அந்த வீட்டுக்காக வாங்கிய கடனின் நிலுவையைக் கடன் பகுதியில் எழுத வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்த வீடு என்றால் அவருக்கு ஆன அடக்கவிலை. அது தெரியாவிட்டால், சொத்து உங்கள் கைக்கு வந்த நாளின் வழிகாட்டி மதிப்பையோ, நகையாக இருந்தால் அன்றைய தங்க விலையையோ வைத்து மதிப்பிடலாம்.

பழைய செல்வ வரிக் கணக்கில் அந்தச் சொத்தைக் காட்டியிருந்தால் மட்டும் வழி வேறு: கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கில் என்ன மதிப்பு காட்டினீர்களோ அதையும், அதற்குப் பின் செய்த மேம்பாட்டுச் செலவையும் கூட்டி எழுத வேண்டும். ஆகவே 2015-க்கு முந்தைய மதிப்பீட்டாளர் அறிக்கை பீரோவில் கிடந்தால் பழைய தாள்களோடு போட்டுவிடாதீர்கள்.